மைனஸ் அறுநூறு ஜோடி

நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்கிற விஷயம்தான் இது. டிவியில் செய்தி வாசிக்கிறவர், "போன வருடத்தைவிட மூன்று மடங்கு குறைந்துள்ளது" என்று சொன்னால் நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்று, "முன்ன எவ்ளோ? இப்ப எவ்ளோ? அதைச் சொல்லு" என்று கேட்கிறேன். பெரியவள் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். சின்னவன், டிவிக்குக் காது கிடையாது என்று எனக்கு ஞாபகப்படுத்துகிறான். அம்மாவுக்குக் காரணம் தெரியும், ஆனால் சொல்லமாட்டாள். அது நானே சொல்ல வேண்டியது என்று விட்டுவைத்திருக்கிறாள். சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். நீங்கள் குறுக்கே பேச முடியாது.

நான் பத்தாவதுக்கு மேலே படிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் மெஷினில் வேலை. தைத்த தோலை அச்சின்மேல் இழுத்துப் பிடித்து ஷூ வடிவத்துக்குக் கொண்டுவருகிற மெஷின் அது. புது மெஷின் வாங்கியபோது, அதைக் கற்றுக்கொண்டு வர கம்பெனி என்னைச் சீனாவுக்கு அனுப்பியது. ஆறு மாதம் என்று சொல்லி அனுப்பி, இரண்டு வருஷம் வைத்துக்கொண்டார்கள். நீ, சின்னவனே, அப்போது பிறக்கவில்லை.

அங்கே நான் படித்த சீன மொழி கேன்டீன் வரிசையிலும் மெஷின் பக்கத்திலும் படித்தது. எழுத்து அதிகம் வராது. போனில் ஒலியைத் தட்டினால் எழுத்து வரும், அதில் சரியானதைப் பொறுக்கி எடுப்பேன். ஆனால் எண்கள் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டன என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

முதல் வாரமே ஒரு அடி வாங்கினேன். மெஷின் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, பெல்ட்டின் வேகத்தை "லியாங் செங்" குறைக்கச் சொன்னார். லியாங் என்றால் இரண்டு. வேகம் ஐம்பதில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பர்சென்ட் என்று எடுத்துக்கொண்டு, ஐம்பதை நாற்பத்தொன்பது ஆக்கிவிட்டு நல்ல பிள்ளையாக நின்றேன். பசை காயாமலேயே ஷூக்கள் வரிசையாக வந்து என் காலடியில் விழுந்தன. மேஸ்திரி வந்து பத்து விரலையும் விரித்துக் காட்டி, அதில் இரண்டை மடக்கினார். செங் என்றால் நூற்றில் ஒன்று இல்லை, பத்தில் ஒன்று. லியாங் செங் என்றால் பத்தில் இரண்டு, அதாவது இருபது பர்சென்ட். நாற்பதுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் செங்கில் நான் தப்பே செய்ததில்லை. குறைந்தபட்சம் மெஷினில்.

இன்னொன்று பெய். பெய் என்றால் மடங்கு. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் அங்கேயே தெரிந்துகொண்டேன். உற்பத்தி ஒரு பெய் கூடியது என்றால் அது இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தம். பழையது ஒன்று, கூடியது ஒன்று. இரண்டு பெய் கூடியது என்றால் மொத்தம் மூன்று மடங்கு. நம் ஆட்கள் இதில் விழுவார்கள், நான் விழமாட்டேன் என்று எனக்குப் பெருமை. மேலே ஏறும்போது எங்கே பள்ளம் என்று எனக்குத் தெரியும். இறங்கும்போதும் ஒன்று இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

திரும்பி வந்ததும் கம்பெனியில் எனக்கு இரண்டு வேலை ஆயிற்று. பகலெல்லாம் லாஸ்டிங். மாதக் கடைசியில், ஆபீஸில் இங்கிலீஷில் எழுதுகிற அறிக்கையைச் சீன மொழியில் போட்டு ஹெட் ஆபீஸுக்கு அனுப்புவது. ஹெட் ஆபீஸ் சீனாவில். அங்கிருந்து வந்த மேனேஜர் ஒருவர் எங்கள் கம்பெனி கெஸ்ட் ஹவுஸிலேயே தங்கியிருந்தார். அவர் பேசுவதை நான் தமிழில் சொல்வேன், மற்றவர்கள் பேசுவதைச் சீனத்தில் சொல்வேன். கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் விட்டுக்கொடுத்தார்கள். அந்த சீட்டை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வரும்.

எங்கள் தையல் லைனில் சூப்பர்வைசராக ஒரு அக்கா இருந்தார். பள்ளிகொண்டாவில் பஸ் ஏறுவார். தையல்காரியாக வந்து பதினாலு வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனவர். அவர் லைனில் மாதத்துக்கு முந்நூறு ஜோடி ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. தையல் கோணல், நூல் விட்டுப்போவது, இப்படி. கறுப்புத் தோலில் கறுப்பு நூல் போட்டால் அந்த வெளிச்சத்தில் யாருக்குத் தெரியும்? அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ட்யூப் லைட் எல்லாவற்றையும் சங்கிலி போட்டு ஒன்றரை அடி கீழே இறக்கினார். அவ்வளவுதான். அடுத்த மாதம் ரிஜெக்ட் நூறு ஜோடி. அக்காவைக் குவாலிட்டி இன்சார்ஜ் ஆக்கலாம் என்று பேச்சு அடிபட்டது.

ரிஜெக்ட் ஷூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கம்பெனியைவிட்டு முழுசாக வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு ஜோடிக்கும் என்ன குறை, எந்த லைன் என்று எழுதிச் சீட்டுக் கட்டி, கம்பிக் கூண்டில் பூட்டி வைப்போம். சனிக்கிழமை கத்தியால் குறுக்கே வெட்டி, ஹெட் ஆபீஸ் அந்த மாதக் கணக்கை ஒப்புக்கொள்ளும்வரை கூண்டிலேயே தனியாக வைப்போம். வெட்டாமல் வெளியே போனால் அது பஜாரில் விலைபோகும், வெளிநாட்டுக்காரன் பெயர் கெட்டுவிடும் என்பார்கள். வெட்டாத ரிஜெக்ட் வெளியே போவதற்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்தான், திருட்டு.

அந்த மாத அறிக்கையில் ஆபீஸ் பையன் இங்கிலீஷில் எழுதியிருந்தது, ரிஜெக்ட் மூன்று டைம்ஸ் குறைந்தது என்று. ஹெட் ஆபீஸ் ஃபாரத்தில் இரண்டு கட்டம்தான் நாங்கள் நிரப்ப வேண்டும். போன மாதம் எவ்வளவு, எவ்வளவு மாறியது. இந்த மாதம் எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். நான் முதல் கட்டத்தில் முந்நூறு போட்டேன். இரண்டாவதில் குறைந்தது, ஸான் பெய், அதாவது மூன்று மடங்கு என்று போட்டேன். டீ குடிக்கப் போனேன்.

பத்து நாள் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து ஒரே வரி வந்தது. மைனஸ் அறுநூறு ஜோடிக்கு விளக்கம் தேவை.

கம்ப்யூட்டர் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முந்நூறில் மூன்று மடங்கு தொள்ளாயிரம். முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் போனால் மைனஸ் அறுநூறு. ஆனால் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த எவருக்கும், என்னையும் சேர்த்துத்தான், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஹெட் ஆபீஸ் சொன்னால் அது இருக்கும். மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்கள் ஹெச்.ஆர். ஆபீசர் நல்ல மனுஷர்தான், ஆனால் எந்தப் பிரச்சினையையும் கட்டம் போட்டு எழுதினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். அவர்தான் அர்த்தம் கண்டுபிடித்தார். மைனஸ் என்றால், இருந்ததைவிட அறுநூறு ஜோடி அதிகமாக வெளியே போயிருக்கிறது. வெட்டாமல் போயிருக்கிறது.

கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற செக்யூரிட்டி பெரியவர், உள்ளே நூறு ஜோடி இருக்கிறதே, எண்ணிப் பார்க்கலாமே என்றார்.

"அது கண்ணால பாக்குற நூறு, பெரியவரே. சிஸ்டத்துல இருக்கறது வேற" என்றார் ஹெச்.ஆர்.

பெரியவர் கூண்டையும் ஆபீஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தேட ஆரம்பித்தோம். இல்லாத அறுநூறு ஜோடி ஷூவை முப்பது பேர் இரண்டு நாள் தேடினோம். ஜெனரேட்டர் ரூம், கேன்டீன் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், மாடித் தண்ணீர் டேங்க். டேங்க்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தது நான்தான். அறுநூறு ஜோடி என்றால் ஆயிரத்து இருநூறு ஷூ. அது தண்ணீரில் மிதக்குமா, மூழ்குமா என்று கீழே நின்ற இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். சாயங்காலம் கேட்டில் பெண்களின் சாப்பாட்டுப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒரு டிபன் கேரியரில் எத்தனை ஜோடி போகும் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு கூட்டம். லைன் அக்காவுடையது என்பதால் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். "பா செங்" அந்த அம்மாதான் என்றார். பா என்றால் எட்டு. பத்தில் எட்டு. சீனாவில் மழை வரும்போல இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அனேகமாக, பெரும்பாலும், என்கிற மாதிரி. நான் அதை அப்படியே இறக்கிவிட்டேன். "எண்பது பர்சென்ட் அவங்கதான்னு சொல்றார்" என்றேன். செங்கில் நான் தப்புச் செய்ய மாட்டேனே.

ஹெச்.ஆர். உடனே லாப்டாப்பில் தட்டினார். அறுநூறில் எண்பது பர்சென்ட், நானூற்று எண்பது ஜோடி. அக்கா பெயருக்கு நேராக நானூற்று எண்பது.

"மீதி இருபது பர்சென்ட் யாருன்னு கேளுங்க" என்றார் என்னிடம்.

நான் கேட்டேன். மேனேஜருக்குப் புரியவில்லை. மீதி என்றால் என்ன மீதி என்றார். நான் அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். ஹெச்.ஆர். தலையை ஆட்டிக்கொண்டு, அவர் யாரையோ காப்பாற்றுகிறார் என்றார். நூற்றிருபது ஜோடி யார் தலையிலும் இல்லாமல் கட்டத்தில் நின்றது. அது அவருக்குத் தாங்கவில்லை. கடைசியில் செக்யூரிட்டி பெரியவருக்கு அறுபது, லோடு வண்டி டிரைவருக்கு அறுபது என்று பிரித்துப் போட்டார். டிரைவர் அந்த மாதம் முழுக்க அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தார். அதைச் சொன்னபோது, அப்படியானால் முப்பது என்றார்.

மறுநாள் ஹெச்.ஆர். என்னைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார். ரிஜெக்ட் ஷூ விற்கிற ஒரு கடையில் மலைபோலக் குவித்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பி உள்பக்கம் எங்கள் லைன் நம்பர் இருக்கிறதா என்று பார்த்தோம். அரை மணிநேரம் பொறுத்துப் பார்த்தார் கடைக்கார பாய். பிறகு எந்த மாடல் வேணும் என்று கேட்டார். காணாமல்போன எங்கள் மால் என்றார் ஹெச்.ஆர். எத்தனை ஜோடி என்றார் பாய். அறுநூறு என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்களை உட்கார வைத்தார்.

"அறுநூறு ஜோடி என் கைக்கு வந்திருந்தா இன்னேரம் பக்கத்துக் கடையும் என்னுது, சார். எவ்ளோ நாளா பேஜார் உங்களுக்கு?" என்று கேட்டு, டீ சொன்னார். டீ குடித்துவிட்டு வந்தோம்.

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் அக்கா என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். கேட்டில் பையைத் திறந்து காட்டிக் காட்டி முகம் வற்றிப்போயிருந்தது. சனிக்கிழமைக்குள் அறுநூறு ஜோடி வரவில்லையென்றால் வேலையைவிட்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். பதினாலு வருஷத்துக்குப் பிறகு திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு பள்ளிகொண்டாவில் இறங்க வேண்டும். அழவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்த ஊர் பாஷைல நீ இன்னா எழுதி அனுப்புன? அத அப்படியே தமிழ்ல சொல்லு."

"உங்க லைன்ல ரிஜெக்ட் மூணு மடங்கு கம்மியாச்சுன்னு எழுதனேன்க்கா. ஆபீஸ்ல அப்படித்தான் குடுத்தாங்க."

அக்கா என் பெல்ட்மேல் இருந்த மூன்று ஷூ அச்சுகளை எடுத்து வரிசையாக வைத்தார். இது போன மாசம் என்றார். பிறகு மூன்றையும் கையால் வாரி அப்பால் தள்ளினார்.

"ஒரு மடங்கு கம்மியானாலே இவ்ளோதான், காலி. இன்னும் ரெண்டு மடங்கு எங்கேர்ந்து எடுப்ப? என் வூட்லேர்ந்தா?"

அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. கூடும்போது எத்தனை பெய் வேண்டுமானாலும் கூடலாம். குறையும்போது ஒரு பெய் குறைந்தால் மிச்சம் பூஜ்யம், அதற்குக் கீழே தரை இல்லை. அதனால்தான் அங்கே கவனமாக எழுதுகிறவர்கள் குறைவதற்குப் பெய் போடமாட்டார்கள், பங்கில்தான் சொல்வார்கள். இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை காதில் விழுந்த விஷயம். நான் கவனிக்கவில்லை.

"மூணுல ஒரு பங்கா ஆச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார் அக்கா.

மூன்றில் ஒரு பங்கு. ஸான் ஃபென் ஜி யீ. ஸான் மூன்று, ஃபென் பங்கு, யீ ஒன்று, நடுவில் வருகிற ஜி நம் 'இல்' மாதிரி. மூன்று முதலில், ஒன்று பின்னால். நம் தமிழும் அதே வரிசை. நூற்றுக்கு முப்பது என்று நாம் நூறை முதலில் சொல்வதுபோல் அவர்களும் நூறைத்தான் முதலில் சொல்வார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்த பாதையை விட்டுவிட்டு, நான் இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அக்காவைக் குழியில் தள்ளியிருக்கிறேன்.

இதுவரை எழுதியதற்கெல்லாம் சிரிக்கலாம். இதைச் சிரிக்காமல் படியுங்கள். நான் அப்போதே எழுந்து போய்ச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் அக்கா என்றேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் சீனம் தெரிந்தவன் என்கிற பெயர் போய்விடும், அடுத்த தடவை வேறு ஆளை அனுப்புவார்கள், ஜன்னல் சீட்டும் போகும். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தன் லைனுக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. பெரியவளே, நீ கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாய், நான் உன்னை அம்மாவிடம் அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஹெச்.ஆர். ஒரு தீர்வோடு வந்தார். ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார், பாவம். கணக்கு மைனஸ் அறுநூறில் நிற்கிறது. ஸ்டோரில் ஆர்டர் ரத்தான பழைய மாடல் அறுநூறு ஜோடிக்குமேல் கிடக்கிறது. குறை ஒன்றும் இல்லாத ஷூ. அதில் அறுநூறை ரிஜெக்ட் என்று எழுதி, வெட்டிக் கூண்டில் போட்டால் பூஜ்யம் ஆகிவிடும். ஹெட் ஆபீஸ் சும்மா இருக்கும். அக்கா கையெழுத்துப் போட்டால் போதும். திருட்டு இல்லை, கவனக்குறைவு என்று முடித்துவிடலாம். வேலை போகாது, சூப்பர்வைசர் பதவி மட்டும்தான் போகும். அவர் அதை ஒரு உதவியாகத்தான் நினைத்தார்.

கூண்டு முன்னால் பெட்டிகளை அடுக்கினார்கள். மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டுகிறவர் கத்தியோடு வந்தார். ஹெச்.ஆர். முதல் ஜோடியை எடுத்துக் கொடுக்க, அவர் இடது கால் ஷூவைக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தார். பழுப்புத் தோல், நல்ல தையல். கிழிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சீட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார்கள்.

அக்கா ஷூவை வாங்கி, உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவிப் பார்த்தார். குறை என்ன என்று எழுதுகிற இடத்தில் பேனாவை வைத்தார். எடுத்தார்.

"இதுல இன்னா குறைன்னு எழுதட்டும் சார்?"

"ஏதாச்சும் எழுதும்மா. நூல் விட்டுப்போச்சுன்னு எழுது."

"நூல் விடலையே சார்."

"அறுநூறு இருக்கும்மா. இப்படி ஒண்ணொண்ணுக்கும் நின்னா எப்ப முடிக்கிறது?"

அக்கா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "வேலைய விட்டு அனுப்பிடுங்க சார். நல்லா தைச்சத கெட்டுப்போச்சுன்னு எழுத என்னால ஆவாது" என்றார்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மேனேஜர் முன்னால் போனேன். மூன்று காலிப் பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தேன். சீனத்தில் சொன்னேன், இது போன மாதம், முந்நூறு. நான் எழுதியது ஸான் பெய் குறைந்தது என்று. ஒரு பெய்யை எடுக்கிறேன் பாருங்கள். மூன்று பெட்டியையும் எடுத்துவிட்டேன். தரை வெறுமையாக இருந்தது. இன்னும் இரண்டு பெய் எடுக்க வேண்டும் என்று நின்றேன்.

மேனேஜர் குனிந்து வெறும் தரையைப் பார்த்தார்.

பிறகு இரண்டு பெட்டியை அப்பால் வைத்து ஒன்றை மட்டும் முன்னால் வைத்தேன். நடந்தது இதுதான் என்றேன். மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, ஸான் ஃபென் ஜி அர் (பங்கில் சொல்லும்போது இரண்டுக்கு லியாங் வராது, அர்தான்). மூன்றில் ஒரு பங்காக ஆனது, ஸான் ஃபென் ஜி யீ. எவ்வளவு போயிற்று என்பது வேறு, எங்கே வந்து நின்றது என்பது வேறு. இரண்டையும் குழப்பியது நான். ஆபீஸ் இல்லை, இந்த அம்மா இல்லை. முன்னே முந்நூறு, இப்போது நூறு. நூறும் கூண்டில் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் பா செங்கையும் சொன்னேன். நீங்கள் "அனேகமாக" என்றீர்கள், நான் எண்பது பர்சென்ட் என்றேன், அதனால் செக்யூரிட்டி பெரியவர் தலையில் அறுபது ஜோடி இருக்கிறது என்றேன். அதைக் கேட்டதும் மேனேஜர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஹெச்.ஆர். பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் அக்காவுக்கு எதிரே போய், இடுப்புவரை குனிந்து நின்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

செக்யூரிட்டி பெரியவர் கூண்டைத் திறந்து எண்ணி, கதவுச் சிலேட்டில் எழுதினார். நூறு.

அன்றே மேனேஜர் ஹெட் ஆபீஸுக்கு எழுதினார். அவர்கள் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த மாதக் கணக்கை மூடிவிட்டதால் எண்ணை மாற்ற முடியாது, அடுத்த மாதம் திருத்தமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். மைனஸ் அறுநூறிலிருந்து நூறுக்கு வர எழுநூறு கூட்ட வேண்டும். கூட்டினோம். பத்து நாளில் ஒரு வரி வந்தது. ரிஜெக்ட் எழுநூறு ஜோடி கூடியதற்கு விளக்கம் தேவை. ஹெச்.ஆர். அந்தக் கடிதத்தை ஃப்ரேம் போட்டுத் தன் மேஜைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். இப்போது அவரும் எந்தப் பர்சென்ட்டைப் பார்த்தாலும் எதில் என்று கேட்கிறார்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கேட்டில் எல்லார் முன்னாலும் பையைத் திறந்தார்கள், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார். திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, தப்பு என்னுடையது என்று நானே சொன்னேன். யாரோ ஒருவர் பின்னாலிருந்து, டேங்க்ல டார்ச் அடிச்சதும் நீதான்டா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னோடு பேச அவருக்கு இருபது நாள் ஆயிற்று. பேசியபோதும் லைட்டைப் பற்றித்தான் பேசினார். லாஸ்டிங்கிலும் கொஞ்சம் கீழே இறக்கலாம் என்றார். இப்போது அவர்தான் குவாலிட்டி இன்சார்ஜ். மாத அறிக்கை இன்னமும் என்னிடம்தான் வருகிறது. முன்னே எவ்வளவு, இப்போது எவ்வளவு, இரண்டையும் வெறும் எண்ணில் எழுதிக் கொடுத்தால்தான் தொடுவேன். பெய்யும் செங்கும் அதற்கப்புறம்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை எல்லோரும் பஸ்ஸுக்குப் போனபிறகு நான் கூண்டுப் பக்கம் திரும்பிப் போனேன். வெட்டிய ஷூ மட்டும் ஜோடியோடு தரையிலேயே கிடந்தது, சீட்டு இல்லாமல். வெட்டியது வெட்டியதுதான், அதை இனி நல்ல மாலோடு சேர்க்க முடியாது. உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினேன். குறை என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். லைன் என்ற இடத்தில் அக்காவின் நம்பரைப் போடாமல் என் டோக்கன் நம்பரைப் போட்டேன். நூலால் ஜோடியில் கட்டி, இன்னும் பூட்டாமலிருந்த கூண்டில் வைத்துவிட்டு, கதவில் மாட்டியிருந்த சிலேட்டில் நூறை அழித்து நூற்றொன்று என்று எழுதினேன்.